தங்கவயல் பௌத்தர்களின் வலைப்படம்: சிக்கலும் அவிழ்ப்பும்

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் தொடங்கி, மறு ஆண்டிலிருந்து 'தமிழன்' என வெளிவந்த வார இதழ், கோலார் தங்கவயல் தமிழ்ப் பௌத்தர்களைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று. அதில் இடம்பெறும் மனிதர்களைப் புள்ளிகளாக்கி, ஒரே சங்கத்தைச் சேர்ந்தோரைக் கோடுகளால் இணைத்தால், நூற்கண்டுச் சிக்கல் போன்ற படமே கிடைக்கும்.

சிக்கலுக்கு முதற்காரணம் எளிய கணக்கு. ஒரு சங்கத்தில் 20 பேர் இருப்பின், ஒவ்வொருவரையும் மற்ற அனைவரோடும் இணைக்க 190 கோடுகள் வேண்டும். 40 பேருக்கு 780. சங்கத்தையே தனிப் புள்ளியாக வைத்து உறுப்பினரை அதனோடு மட்டும் இணைத்தால் 20 கோடுகள் போதும். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் செயற்பட்ட ஒருவர் அப்போது இரு கொத்துகளுக்கும் நடுவே தனித்துத் தெரிவார். வரலாற்றாய்வாளர் தேடுவது பெரும்பாலும் அவரைத்தான்.

இரண்டாவது காரணம் புள்ளிகளின் இருப்பிடம். பீட்டர் ஈட்ஸ் 1984இல் முன்வைத்த சுருள்வில் முறையில் கோடுகள் இழுக்கும், புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும். மிகுதியான தொடர்புடையவர் இயல்பாகவே நடுவுக்கு வந்துவிடுவார். இங்கு நடுவில் நிற்பவர் பண்டிதர். தங்கவயல் விளிம்புக்குப் போகிறது. சான்று அவர் நடத்திய இதழ், கடிதங்கள் அவருக்கே எழுதப்பட்டவை என்பதைப் படம் சொல்வதில்லை. தரவின் சாய்வு வரலாற்று முடிவாக வேடமிடுகிறது.

ஆகவே அச்சுகளுக்குப் பொருள் தருவது நன்று. தங்கவயலின் தாதுப்படுகை வடக்கு தெற்காக ஓடுவதால் சுரங்கக் குடியிருப்புகளும் ஏறத்தாழ ஒரே வரிசையில் அமைந்தவை: தெற்கே மாரிக்குப்பம், அடுத்து சாம்பியன் ரீஃப், உரிகம், வடக்கே நந்திதுர்க்கம். இவ்வரிசையை நெட்டச்சிலும் ஆண்டுகளைக் கிடையச்சிலும் வைக்கலாம். சென்னை, பெங்களூர், ரங்கூன் ஆகியவற்றுக்குத் தனிப்பட்டைகள். அண்டை ஊர்கள் படத்திலும் அண்டையில் இருப்பதால், அவற்றிடையே நிகழும் தொடர்புகளின் கோடுகள் குறுகி, வெட்டுகளும் குறையும். வாசிப்பை மிகவும் தடுப்பது கோடுகளின் வெட்டே என்பதை ஹெலன் பர்ச்சேஸ் 1997இல் சோதனைவழிக் காட்டினார்.

இப்படத்தில் 1914 கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வாண்டு பண்டிதர் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' மீண்டும் வெளிவந்தபோது அதன் களம் தங்கவயல். பண்டிதரின் நூல்களைப் பின்னாளில் மறுபதிப்பித்ததும் அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலையே. சுருள்வில் படத்தில் விளிம்பில் கிடந்த ஊர், இங்கே இயக்கத்தின் தொடர்ச்சியைத் தாங்கிய ஊராக நிற்கிறது.

இதழ் வெளிவராத இடைக்கால ஆண்டுகளில் இப்படமும் வெறுமையாகும். அவ்வெறுமையை உறவு அறுந்ததன் அடையாளமாக மாணவர் எவரும் படித்துவிடலாம். எனவே அப்பட்டைக்குச் சாம்பல் நிறம் தீட்டி, சான்று இல்லாத காலம் என்று படத்திலேயே எழுதவேண்டும்.