மைனர் நாமினியும் காணாமல் போன நாமினியும்: 1874 முதல் ஒரு சட்ட வரலாறு

ஒருவர் இறந்தபின் காப்பீட்டுத் தொகை யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. யாரிடம் கொடுத்தால் நிறுவனத்தின் பொறுப்பு தீரும் என்பது வேறு கேள்வி. நம் சட்டம் நெடுங்காலம் இரண்டாவதைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டது. நாமினி சிறுவராக இருக்கும்போதும், ஆள் எங்கே என்றே தெரியாதபோதும் இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன.

1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் உரிமையிலிருந்து தொடங்கியது. மனைவி, பிள்ளைகளின் நலனுக்கென்று பாலிசியிலேயே எழுதி எடுத்தால் அது அவர்களுக்கான அறக்கட்டளை. தனி அறங்காவலர் இல்லையென்றால் பணம் அரசின் அதிகாரபூர்வ அறங்காவலரிடம் போகும். பிள்ளை மைனராக இருந்தாலும் பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு கை உண்டு. இது இந்துக்களுக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு ஆயம் தீர்ப்பளித்தது. 1923இல் சட்டத்தைத் திருத்தியபோது பிற பகுதிகளுக்கு அவ்வாண்டு ஏப்ரல் 1ஐ எல்லையாக வைத்தவர்கள், சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31க்குப் பிந்தைய பாலிசிகளையே ஏற்றுக்கொண்டதில் அத்தீர்ப்பின் தடம் தெரிகிறது.

1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு எளிய வழியொன்றைத் தந்தது: பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். நாமினி மைனரென்றால், அவர் வளரும்வரை பணத்தைப் பெற்றுக்கொள்ளப் பெரியவர் ஒருவரையும் நியமிக்கலாம். ஆனால் எழுதப்பட்ட பெயருக்குரியவர் சொந்தக்காரரா, வெறும் பெறுநரா? சர்பதி தேவி வழக்கில் இறந்தவரின் நாமினி மனைவி; எதிர்த்து வந்தவர்கள் இறந்தவரின் தாயும் மைனர் மகனும். நாமினி பெறலாம், ஆனால் பங்கு வாரிசுகள் எல்லோருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் முடிவு சொன்னது. அங்கே குழந்தையைக் காத்தது நாமினேஷன் அல்ல, வாரிசுரிமைதான்.

2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் திருப்பிப் போட்டது. பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரை நாமினியாக வைத்தால் பயனுரிமையும் அவர்களுக்கே. அப்படியும் வாரிசுகள் உரிமை கோரினால் நாமினி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025இல் கருதியிருப்பதால், விவாதம் முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

வருங்கால வைப்பு நிதி வேறு பாதையில் வந்தது. 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின் 61ஆம் பத்தி, குடும்பம் உள்ளவர் குடும்பத்தாரையே நாமினியாக்க வேண்டும் என்கிறது. குடும்பம் இல்லாத காலத்தில் வேறொருவர் பெயரை எழுதியிருந்தால், திருமணத்தோடு அந்த நாமினேஷன் செல்லாததாகிவிடும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். திருப்பூர் ஆலைத் தொழிலாளி ஒருவர் இறந்துவிடுகிறார். 15 லட்ச ரூபாய்ப் பாலிசியில் 9 வயது மகள் நாமினி, அவளுக்காகப் பணம் பெறும் பொறுப்பாளர் அவருடைய அண்ணன். வைப்பு நிதியில் 9 லட்சம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெற்றோர் இருந்தும், அண்ணனையே நாமினியாக எழுதியிருக்கிறார். அந்த அண்ணனோ 3 ஆண்டுகளாக எங்கே என்று தெரியவில்லை. மனைவியும், மகனை நம்பியிருந்த தாயும் இருக்கிறார்கள்.

அண்ணனைத் தேடிப் பிடிக்காமல் வைப்பு நிதி கிடைக்காது என்றுதான் குடும்பம் பயப்படும். தேடவே வேண்டாம். அண்ணன் திட்டத்தின் ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. ஆகவே அந்த நாமினேஷனே செல்லாது. 70ஆம் பத்திப்படி மனைவி, மகள், சார்ந்து வாழும் தாய் மூவருக்கும் சமமாக 3 லட்சம் வீதம் சேரும். மகள் பங்குக்குக் காப்பாளர் சான்றிதழ் வேண்டுமென்று முன்பு குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு அலைந்தன. மைனரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும்போது அதைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் வைப்பு நிதி நிறுவனம் சுற்றறிக்கை அனுப்பியது. சிறுமி பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறப்பதே முதல் வேலை.

பாலிசியில் நாமினேஷன் உயிரோடு இருக்கிறது, பொறுப்பாளர்தான் இல்லை. சிறுமியின் தாய் இயற்கைக் காப்பாளராக விண்ணப்பிக்கலாம். தொகை பெரிதென்று நிறுவனம் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படியான நீதிமன்ற நியமனத்தைக் கேட்கக்கூடும். 2015க்கு முன்பு நடந்திருந்தால் 15 லட்சமும் மூன்றாகப் பிரிந்திருக்கும். திருத்தப்பட்ட சட்டத்தின் சொற்படி முழுவதும் மகளுடையது.

பாலிசியின் நாமினியே காணாமல் போயிருந்தால் சிக்கல் இன்னும் ஆழமானது. காணாமல் போனதாலேயே நாமினேஷன் காலாவதியாகாது. ஏழு ஆண்டுகள் செய்தி இல்லையென்றால் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். என்று இறந்தார் என்பதை அனுமானிக்காது. உச்ச நீதிமன்றம் 2004இல் அனுராதா வழக்கில் இதைத் தெளிவாக்கியது. தேதிதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: பாலிசிதாரருக்கு முன்பே நாமினி இறந்திருந்தால் பணம் பாலிசிதாரரின் வாரிசுகளுக்கு, பின்னால் இறந்திருந்தால், பயனுரிமை பெற்ற நாமினியின் வாரிசுகளுக்கு. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழை நம்பிப் பணம் கொடுத்த நிறுவனத்துக்கு 381ஆம் பிரிவு முழுப் பாதுகாப்புத் தருகிறது. அதுவும் கைக்கு வராத நிலையில், நிறுவனம் காப்பீட்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவின் கீழ் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம். அதன்பின் வாரிசுகள் தங்கள் உரிமையை அங்கேதான் நிரூபிக்க வேண்டும்.