முழுநேரப் பங்கு வர்த்தகம்: முதல் சில ஆண்டுகளில் எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கலாம்?

திருப்பதி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பங்குச் சந்தையில் வர்த்தகம் செய்ய முற்படுவோர், முதல் சில ஆண்டுகளில் அதிலிருந்து மாத வருமானம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை என்பதையே இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபியின் தரவுகள் காட்டுகின்றன. கணக்கில் உள்ள தொகையிலிருந்தே வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்கும்போது இழப்பு விரைவுபடுகிறது. பலரைப் பணிச்சோர்வு நோக்கித் தள்ளுவதும் அந்த நெருக்கடியே.

செபி ஆய்வு கூறுவது என்ன?

பங்கு முன்பேரப் பிரிவில் 2021-22 முதல் 2023-24 வரையிலான 3 நிதியாண்டுகளில் வர்த்தகம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களின் கணக்குகளை ஆராய்ந்து, 2024 செப்டம்பரில் செபி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 93 சதவீதத்தினர் இழப்பைச் சந்தித்திருந்தனர். கட்டணங்களையும் சேர்த்து ஒருவரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். செலவு போக 1 லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதத்தினர் மட்டுமே.

சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களுக்கு இந்த அறிக்கை நேரடியாகப் பொருந்துகிறது. வர்த்தகம் செய்தவர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர், நாட்டின் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே வசிப்பவர்கள். நான்கில் மூன்று பங்கினரின் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குக் குறைவு. தொடர்ந்து 2 ஆண்டுகள் இழந்த பிறகும் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் வர்த்தகத்தை நிறுத்தவில்லை.

செபியின் கணக்கில் பகுதிநேரமாக வர்த்தகம் செய்வோரும் அடங்குவர். விடாமல் தொடர்ந்தவர்களின் நிலையைப் பிரேசில் நாட்டு ஆய்வு ஒன்று காட்டுகிறது. அந்நாட்டுப் பங்குக் குறியீட்டு முன்பேரச் சந்தையில் 2013 முதல் 2015 வரை தினசரி வர்த்தகத்தைத் தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். 300 நாள்களுக்கு மேல் தொடர்ந்தவர்களில் 97 சதவீதத்தினர் பணத்தை இழந்தனர். குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகமாக ஈட்டியவர்கள் சுமார் 1 சதவீதத்தினரே. பழகப் பழகத் திறன் கூடும் என்ற நம்பிக்கைக்கு அந்தத் தரவுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

5 லட்சம் ரூபாய் முதலீடு: ஒரு மாதிரிக் கணக்கு

திருப்பதியில் மாதம் 25 ஆயிரம் ரூபாய் ஊதியம் பெறும் ஒருவர், 5 லட்சம் ரூபாய் சேமிப்புடன் வேலையை விடுவதாகக் கொள்வோம். அதே தொகையை வர்த்தகத்திலிருந்து எடுக்க வேண்டுமானால், ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், அதாவது முதலீட்டில் 60 சதவீதம் லாபம் ஈட்ட வேண்டும்.

இதற்கு முன்பே கட்டணங்கள் கழிந்துவிடும். நாளொன்றுக்கு 2 முறை, ஒவ்வொரு முறையும் 30 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள ஆப்ஷன்களை வாங்கி விற்பவருக்கு 4 ஆர்டர்கள் ஆகின்றன. ஆர்டருக்கு 20 ரூபாய் தரகும் அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து, 240 வர்த்தக நாள்களில் சுமார் 22,650 ரூபாய் ஆகும். விற்பனையின் மீதான பரிவர்த்தனை வரி, 2024 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்ட 0.1 சதவீத விகிதப்படி 14,400 ரூபாய். சந்தைக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்ந்தால் மொத்தம் 49 ஆயிரம் ரூபாயை நெருங்கும். ஆக, கட்டணத்துக்கு முன்பாக அவர் ஈட்ட வேண்டிய லாபம் ஏறத்தாழ 70 சதவீதம்.

வர்த்தகத்தில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், கட்டணமும் வீட்டுச் செலவும் போக ஆண்டின் முடிவில் கையில் எஞ்சுவது சுமார் 1.5 லட்சம் ரூபாய். இரண்டாம் ஆண்டில் அதே 25 ஆயிரத்தை எடுக்க, எஞ்சிய தொகையைப்போல் இரு மடங்குக்கும் மேல் லாபம் தேவைப்படும். காலாவதி நாளன்று மலிவான ஆப்ஷன்களை மொத்தமாக வாங்கும் முடிவுக்குப் பலரைத் தள்ளுவது இந்த நெருக்கடிதான். அவற்றில் பெரும்பாலானவை அன்று மாலைக்குள் மதிப்பிழந்துவிடும்.

மாறாக, கட்டணம் போக ஆண்டுக்கு 20 சதவீதம் ஈட்டுவது தேர்ந்த நிதி மேலாளர்களுக்கே அரிதான சாதனை. அதை எட்டினாலும் 5 லட்சத்துக்குக் கிடைப்பது மாதம் சுமார் 8,300 ரூபாய். அதே விகிதத்தில் மாதம் 25 ஆயிரம் பெற 15 லட்சம் ரூபாய் முதலீடு வேண்டும். அப்போதும் லாபம் முழுவதும் செலவாகிவிடுவதால் முதலீடு வளராது.

சித்தூர் மாவட்ட மா விவசாயக் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மாங்காய் விற்ற பணம் ஆண்டுக்கு ஒரு பருவத்தில்தான் வருகிறது. அதை வர்த்தகக் கணக்கில் செலுத்தி இழந்தால், அடுத்த பருவத்துக்கான உரம், மருந்து, கூலிச் செலவுகளுக்குக் கடன் வாங்க நேரிடும்.

பணிச்சோர்வை அறிவது எப்படி?

தீராத களைப்பு, தொழில் மீதான வெறுப்பு, செயல்திறன் குறைவு ஆகிய மூன்றையும் பணிச்சோர்வின் கூறுகளாக உலக சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது. பங்குச் சந்தை காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 மணி வரைதான் இயங்குகிறது. ஆனால் மாலையில் பொருள் சந்தை, இரவில் அமெரிக்கச் சந்தை என்று கண்காணிப்பவருக்கு வேலை நேரம் என்ற எல்லையே இருப்பதில்லை. சரியான முடிவுக்கும் நஷ்டம் வரக்கூடும், தவறான முடிவுக்கும் லாபம் வரக்கூடும் என்பதால், உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பும் அறுந்துவிடுகிறது.

இதன் அறிகுறிகள் மனநிலையில் தென்படுவதற்கு முன்பே வர்த்தகப் பதிவேட்டில் தென்படலாம். தரகு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து 3 மாதப் பதிவேட்டைப் பதிவிறக்கி மூன்று விவரங்களைச் சரிபார்க்கலாம். நாளொன்றுக்கான ஆர்டர்களின் எண்ணிக்கை மாதந்தோறும் கூடுகிறதா? ஒரு நஷ்டத்துக்கும் அடுத்த ஆர்டருக்கும் இடைப்பட்ட நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டதா? நஷ்டத்துக்குப் பின் வாங்கும் அளவு பெருகுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்பது விடையானால், அவர் தாம் வகுத்த திட்டப்படி வர்த்தகம் செய்யவில்லை, இழந்ததை மீட்கவே முயல்கிறார் என்று பொருள். இழப்பைக் குடும்பத்தாரிடம் மறைப்பதும், கடன் செயலிகளில் பணம் பெற்றுக் கணக்கில் செலுத்துவதும் உடனே நிறுத்த வேண்டிய கட்டம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

வேலையில் இருந்துகொண்டே, ஒரே முறையில் குறைந்தது ஓராண்டு சிறு தொகையில் வர்த்தகம் செய்து, எல்லாக் கட்டணங்களும் போக எஞ்சும் தொகையைக் கணக்கிடுவது முதல் படி. அது லாபமாக இல்லையென்றால் வேலையை விடுவதற்குக் காரணம் இல்லை. லாபமாக இருந்தால், 2 ஆண்டு வீட்டுச் செலவுத் தொகையை வங்கியில் தனியே வைத்துவிட்டு, வர்த்தகக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதைத் தவிர்க்கலாம். முதலீட்டில் எத்தனை சதவீதம் குறைந்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி, குடும்பத்தில் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது.

நஷ்டம் அடைந்தவர்களும் வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அப்போதுதான் முன்பேர வர்த்தக நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகளின் வணிக லாபத்தில் ஈடுசெய்ய முடியும்.

தூக்கமின்மை, பதற்றம் அல்லது தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் ஆலோசனை பெற இயலும்.