ஸ்டாஃப் தினமும் லேட்டா? சலூன் ஓனர்களுக்கு ஒரு வார்னிங் லெட்டர் கைடு!

சனிக்கிழமை காலை 10 மணி. ஹேர் கலரிங்குக்கு புக் செய்த கஸ்டமர் வந்து உட்கார்ந்துவிட்டார். 9.30-க்கு வர வேண்டிய ஸ்டைலிஸ்ட், 10.40-க்கு ‘பஸ் லேட்டுக்கா’ என்றபடி உள்ளே வருகிறார். கஸ்டமர் முன்னாடியே சத்தம் போடத் தோணும்தான். போடாதீங்க. முதல்ல வருகைப் பதிவேட்டை எடுங்க.

காரணம் உங்க பக்கமும் இருக்கலாம்

ஆகஸ்ட் 2, 9, 16 என மூன்று நாள் லேட். மூன்றுமே சனிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளி இரவும் கடையைப் பூட்டிவிட்டுப் போவது அவர்தான் என்பது அப்போதுதான் தெரிகிறது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்க, அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்க. பேசிய தேதியையும் குறித்து வையுங்க. அதன் பிறகும் 23, 30 தேதிகளில் லேட்டா? இப்போது எழுதிக் கொடுக்கலாம்.

லெட்டரில் என்ன எழுதணும்?

‘நீங்க எப்பவுமே லேட்’, ‘பொறுப்பே இல்லை’ என்றெல்லாம் எழுதினால் சண்டைதான் வரும். தேதியும் நேரமும் மட்டும் பேசட்டும். இப்படி:

“உங்கள் ஷிஃப்ட் காலை 9.30-க்குத் தொடங்குகிறது. ஆகஸ்ட் 16-ல் இதுபற்றிப் பேசி, வெள்ளி இரவுப் பணியை மாற்றினோம். அதன் பிறகும் 23-ம் தேதி 10.20-க்கும், 30-ம் தேதி 10.15-க்கும் வந்தீர்கள். இரு நாள்களும் கஸ்டமர்கள் காத்திருந்தனர். அடுத்த 4 வாரங்கள் நேரத்துக்கு வர வேண்டும். தாமதமானால் 9 மணிக்குள் போன் செய்ய வேண்டும். இது தொடர்ந்தால் இரண்டாவது எச்சரிக்கை தரப்படும். உங்கள் விளக்கத்தைக் கீழே எழுதலாம்.”

இரண்டு காப்பி எடுத்து, ஒன்றை அவரிடம் கொடுங்க. கையெழுத்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மட்டுமே, தப்பை ஒப்புக்கொண்டதற்கு அல்ல என்பதையும் சொல்லிடுங்க. 4 வாரம் சரியாக வந்துவிட்டால், அதையும் எழுதி ஃபைலை மூடிடுங்க.

சொல்லாமல் லீவு போடுவதைத் தாமதத்தோடு கலக்காதீங்க, அதற்குத் தனி லெட்டர். போன் செய்து சொல்லிவிட்டு, காய்ச்சலில் படுத்தவருக்கு லெட்டரே வேண்டாம்.

இங்கேதான் சறுக்கும்

நிறைய கஸ்டமர்களைக் கையில் வைத்திருக்கும் சீனியரின் தாமதத்தைக் கண்டுக்காம, ஷாம்பூ வாஷ் செய்யும் பையனுக்கு மட்டும் லெட்டர் கொடுத்தால், அந்தக் காகிதத்துக்கு மதிப்பே இருக்காது.

சம்பளத்திலும் கவனம். 40 நிமிட தாமதத்துக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டக் கூடாது. வேலை செய்யாத நேரத்துக்கு உரியதைத்தான் பிடிக்கலாம்.

‘மூணு லெட்டர் ஆச்சு, நாளையிலிருந்து வராதே’ என்றும் சொல்லிட முடியாது. 1947-ம் வருட தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க நியாயமான காரணம் வேண்டும். ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் நீக்கணும்னா, முறையாக விசாரணை நடத்தி, தவறான நடத்தை ஆதாரத்தோடு பதிவாகியிருக்க வேண்டும். அந்த விசாரணையில் நீங்க முதலில் எடுத்து வைக்கப்போவது இந்த லெட்டர்களையும், அவர் கைப்பட எழுதிய விளக்கங்களையும்தான்.