டைனமோவில் பாடிய ரேடியோ: ஒரு சுற்றுப்பலகையைப் படித்தல்

கிளிவெட்டியில் ஒரு வீட்டில் பழைய ரேடியோவைத் திறந்து எடுத்த படம் இது. 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த பலர் இவ்வூர் முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். செய்தி கேட்க ரேடியோவே துணை.

படத்தின் மேற்பகுதியில் செப்புக்கம்பி சுற்றிய கறுப்புக்கோல் தெரிகிறது. மத்திய அலைக்கான அன்ரனா அதுதான். அருகில் திருகாணித் தலையுடன் சிறு உலோகப் பெட்டிகள் சில நிற்கின்றன. சிவப்புத் தலையுடையது அலையியற்றிச் சுருள். மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலைகள் 455 கிலோஹேர்ட்ஸ் இடைநிலைச் சுருள்கள். இவற்றைச் சும்மா திருகிப் பார்க்கக் கூடாது. இசைவு குலைந்தால் நிலையங்கள் மங்கிவிடும்.

பழுப்புத் தட்டுப்போன்ற கொள்ளளவியில் 103 என்றிருக்கிறது. 10ஐ எழுதி மூன்று பூச்சியம் சேர்த்தால் 10,000 பிக்கோபரட், அதாவது 0.01 மைக்ரோபரட். அதே 103 ஒரு ரவுட்டர் பலகையின் சிறு கறுப்புத் தடையியில் இருந்தால் 10,000 ஓம். எண் ஒன்றுதான், உருவத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். வளையத் தடையியில் மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றால் 4,700 ஓம். சூடுபட்டால் சிவப்பு பழுப்பாகத் தெரியும். சந்தேகமெனில் ஒரு காலைக் கழற்றி மீற்றரால் அளக்கலாம்.

படத்தின் ஓரத்தில் கையால் பற்றவைத்த பகுதிதான் முக்கியமானது. 1990களில் வன்னிக்குப் பற்றரி போகத் தடையிருந்தபோது சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். அதே வேலைப்பாடு இங்கும் இருக்கிறது. 1N4007 என்று எழுதிய நான்கு கறுப்பு உருளைகள் இருவாயிகள். டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். வெள்ளி வளைய முனைகள் இரண்டு கூடுமிடம் நேர்முனை. வளையமில்லா முனைகள் இரண்டு கூடுமிடம் எதிர்முனை. மீதி இரு சந்திகளுக்கும் டைனமோ கம்பிகள் வரும். ஒரு கம்பி டைனமோவின் முனையிலிருந்து, மற்றது சைக்கிள் சட்டத்திலிருந்து.

பக்கத்து உயரமான உருளை 1000 மைக்ரோபரட், 16 வோல்ற்று மின்பகு கொள்ளளவி. உடலில் கழித்தல் குறியோடு இறங்கும் பட்டைதான் எதிர்முனைக் கால். மாற்றிப் பொருத்தினால் சூடாகி வெடிக்கும். படத்தில் இதன் தலை உப்பியிருக்கிறது, அடியில் பழுப்புக் கசிவும் உண்டு. ரேடியோ இரைந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

6 வோல்ற்று டைனமோவுக்கு 16 வோல்ற்று கொள்ளளவியும் உப்பியது ஏன்? ஆடலோட்டத்தின் 6 வோல்ற்று உச்சத்தில் எட்டரை வரை எழும். இருவாயிகள் ஒன்றரை அளவு பிடித்துக்கொள்ள, ஏழு மிஞ்சும். ஆனால் விளக்கு எரியாமல், ரேடியோவுக்கு மட்டும் வேகமாக மிதித்தால் டைனமோவின் அழுத்தம் இதைவிட மிகவும் ஏறும். விளக்கையும் எரியவிட்டு மிதித்தவர்கள் செற்றைக் காப்பாற்றினார்கள். புதிதாகப் போடுவதானால் அதே 1000 மைக்ரோபரட்டில் 35 வோல்ற்று எடுக்கலாம். ஆனால் அதனால் தப்புவது கொள்ளளவி மட்டுமே. பின்னாலுள்ள திரான்சிற்றர்களுக்கு விளக்கு எரிய வேண்டும்.