ஒரு சிவப்பணுவின் ஒரு நிமிடச் சுற்று

இதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குக் கிளம்பும் ஒரு ரத்தச் சிவப்பணுவை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு சுமார் 8 மைக்ரான், பருமன் சுமார் 90 கன மைக்ரான். எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வருமுன்பே உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டது. உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் ஹீமோகுளோபினும்தான். ஆயுள் 120 நாள். ஓய்வாக உட்கார்ந்திருப்பவர் உடலில் ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். உயிரியல் ஸ்லைடுகளில் அம்புக்குறி போட்டுக் காட்டும் பரவல், சவ்வூடு பரவல் இரண்டும் அந்த ஒரு நிமிடத்துக்குள் இதற்கு நேர்ந்துவிடும்.

நுரையீரலின் நுண்குழாய்க்குள் நுழையும்போது அதற்கு ஆக்சிஜன் பற்றாக்குறை. சுற்றியுள்ள ரத்தத்தில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரசம். பக்கத்திலேயே, அரை மைக்ரான் தடிமனுள்ள சுவருக்கு அந்தப்புறம், காற்று நுண்ணறையில் அது 100. ஆக, ஆக்சிஜன் காற்றறையிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து அணுவின் சவ்வைத் தாண்டி உள்ளுக்கும் வருகிறது. தள்ளிவிட யாரும் இல்லை, ஆற்றலும் செலவாகவில்லை. மூலக்கூறுகள் இரு பக்கமும் கண்டபடி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதிகமுள்ள பக்கத்திலிருந்து கிளம்புபவை அதிகம் என்பதால் கூட்டிக் கழித்தால் மிச்சம் இந்தத் திசையில் நிற்கிறது. ஸ்லைடில் போடும் அம்புக்குறி இந்த மிச்சத்துக்குத்தான்.

உள்ளே வந்த ஆக்சிஜனை ஹீமோகுளோபின் உடனே பிடித்துக்கொள்கிறது. பிடிபட்டது கணக்கில் சேராது. கட்டுப்படாமல் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் பகுதி அழுத்தத்தைத் தீர்மானிக்கும். அதனால் அணுவின் உள்பக்கம் கொஞ்ச நேரத்துக்கு வெறுமையாகவே இருப்பதுபோலாகி, வரத்து தொடர்கிறது. அதே நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு எதிர்த்திசையில் வெளியேறுகிறது. ரத்தத்தில் 45, காற்றறையில் 40. ஐந்தே புள்ளி வித்தியாசம் எப்படிப் போதும் என்றால், அது ஆக்சிஜனைவிட இருபது மடங்குக்கு மேல் எளிதாகக் கரையும் வாயு. ஒன்று உள்ளே வருவதால் இன்னொன்று வெளியே போகிறது என்று மாணவர்கள் எழுதுவதுண்டு. அது பண்டமாற்று இல்லை. ஒவ்வொரு வாயுவும் தன் சொந்த வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும்.

நுண்குழாயில் அணு நிற்கும் நேரம் முக்கால் நொடி. கால் நொடியிலேயே ஆக்சிஜன் சமநிலைக்கு வந்துவிடும், மீதி அரை நொடி கையிருப்பு. ஓடும்போது ரத்தம் வேகமாகப் பாய்ந்து இந்தக் கையிருப்பைத் தின்றுவிடும். அப்போதும் ஆரோக்கியமான நுரையீரல் சமாளித்துவிடும். நுரையீரலில் நார்த்திசு படிந்து சுவர் தடித்துப்போனவருக்கு உட்கார்ந்திருக்கையில் ஒன்றும் தெரியாது, மாடிப்படி ஏறினால் ரத்த ஆக்சிஜன் இறங்கும். காரணம் இந்தச் சில நூறு மில்லிநொடிகள்தான்.

பரவல் கிட்டத்தில் மட்டுமே வேகமானது. அடோல்ஃப் ஃபிக் 1855-இல் வகுத்த விதியிலிருந்து வருவது இது: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஆக்சிஜன் தண்ணீரில் 10 மைக்ரான் தூரம் பரவ ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஒரு சென்டிமீட்டருக்கோ சுமார் ஏழு மணி நேரம் ஆகும். இதயம் என்ற பம்பும், உடலெங்கும் கிளை விட்ட நுண்குழாய்களும் தேவைப்படுவது இதனால்தான்.

ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட அணு இடது இதயம் வழியாக வெளியே வருகிறது. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகத்துக்குப் போகும். அதிலும் சிறு பகுதி மட்டுமே சிறுநீரகத்தின் அகணிக்குள் ஆழமாக இறங்கும். நம் அணு அந்தச் சிறுபான்மையில் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடுகளில் நான் பார்த்திராத காட்சி இங்கேதான் நடக்கிறது.

ரத்த நீரில் கரைந்துள்ள துகள்களின் அளவு லிட்டருக்குச் சுமார் 290 மில்லிஆஸ்மோல். சிறுநீரைச் செறிவாக்குவதற்காக அகணியின் அடி ஆழத்தில் அது 1200 வரை ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறையப் பாதி உப்பு, பாதி யூரியா. அணு இறங்க இறங்க வெளியே கரைபொருள் கூடுகிறது. அப்படியென்றால் தண்ணீரின் பங்கு வெளியே குறைவு, உள்ளே அதிகம். தண்ணீர் அணுவை விட்டு வெளியேறுகிறது, அணு சுருங்குகிறது. சவ்வூடு பரவலில் திசை குழம்புவதற்குக் காரணமே, ‘அதிகத்திலிருந்து குறைவுக்கு’ என்று மனப்பாடம் செய்துவிட்டு எதன் அதிகம் என்று கேட்காமல் விடுவதுதான். நகர்வது தண்ணீர் என்றால் பார்க்க வேண்டியதும் தண்ணீரின் அளவைத்தான். கரைபொருளை வைத்துச் சொன்னால், அது குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும்.

தண்ணீர் இவ்வளவு எளிதாகச் சவ்வைக் கடப்பதன் காரணம் வெகுகாலம் புரியாமலே இருந்தது. சவ்வின் நடுப்பகுதி கொழுப்பு. ஆனால் சிவப்பணுவின் சவ்வு வழியாக ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு திசையிலும் அதன் பருமனைப்போல் நூறு மடங்கு தண்ணீர் போய்வருகிறது. அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஆக்ரே ரத்தத்தின் ஆர்எச் வகைப் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது சிவப்பணுவின் சவ்வில் யாரும் கேட்காத இன்னொரு புரதம் ஏராளமாகக் கிடைத்தது. அதன் மரபுக் கட்டளையைத் தவளை முட்டைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அந்த முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டதும் சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன, செலுத்தப்படாத முட்டைகள் அப்படியே கிடந்தன. 1992-இல் வெளியான இந்தச் சோதனைதான் அக்குவாபோரின் என்னும் நீர்வாய்க்காலை உறுதி செய்தது. 2003-இல் ஆக்ரே வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மீண்டும் அகணிக்கு. வெளியே 1200 என்றாலும் அணு 1200-க்கு ஏற்றபடி சுருங்குவதில்லை. யூரியா நுழைவதற்கென்றே சவ்வில் வேறொரு வழி இருக்கிறது. யூரியா தனக்குரிய பரவலால் உள்ளே வந்து இரு பக்கமும் சமமாகிவிடும். சமமான பிறகு அது தண்ணீரை எந்தப் பக்கமும் இழுக்காது. மிச்சம் கணக்கில் நிற்பது உள்ளே வராத உப்பு மட்டும், அதாவது 600. அணுவின் 90 கன மைக்ரானில் தண்ணீர் சுமார் 64. வெளியே 600 என்றால் அது 31 ஆகும், அணு 57-க்குச் சுருங்கும். யூரியாவும் வெளியிலேயே நின்றிருந்தால் தண்ணீர் 15-க்கு வந்து அணு ஏறக்குறைய வற்றியே போயிருக்கும். மேலேறி வரும்போது எல்லாம் தலைகீழ்: யூரியா வெளியேறுகிறது, தண்ணீர் உள்ளே திரும்புகிறது. யூரியா சட்டென்று வெளியேறாவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டு தண்ணீரை அளவுக்குமேல் இழுத்து அணுவை வீங்கவைத்துவிடும்.

இதற்குச் சோதனைக்கூடத்தில் ஒரு சாட்சி உண்டு. லிட்டருக்கு 2 மோல் யூரியா உள்ள கரைசல் 2000 மில்லிஆஸ்மோல். ஸ்லைடின் விதிப்படி அதில் போட்ட சிவப்பணு சுருங்க வேண்டும். ஆனால் வெடிக்கிறது. யூரியா உள்ளே புகுந்து சமமாகிவிட, அணுவுக்குள் ஏற்கெனவே இருந்த உப்பும் ஹீமோகுளோபினும் வெளியே போக முடியாமல் தண்ணீரை இழுக்கின்றன. கிட் என்னும் ரத்தவகைக் குறி இந்த யூரியா வழிப் புரதத்தின் மேல்தான் இருக்கிறது. அக்குறி அறவே இல்லாத மிக அரிதானவர்களின் சிவப்பணுக்கள் அதே கரைசலில் நெடுநேரம் உடையாமல் நிற்பதை 1982-இல் கண்டார்கள். வெளியே எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதோடு, கரைந்திருப்பது சவ்வைத் தாண்டுமா என்பதையும் கேட்டால்தான் திசை சரியாக வரும்.

அடுத்த சுற்றில் நம் அணு கைக்குப் போய்த் திரும்பும் வழியில், முழங்கை மடிப்பில் ஊசி வழியாகச் சிரிஞ்சுக்குள் வந்துவிட்டது. இனி அது சோதனைக்கூடத்தில். 0.9 சதவீத சலைன் துளியில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் வெளிறிய வட்டத் தட்டு, மாற்றமில்லை. 3 சதவீதக் கரைசலில் விளிம்பெல்லாம் முள்முள்ளாகச் சுருங்கியிருக்கும். காய்ச்சி வடித்த நீரில் சில நொடிகளுக்குள் நிறமே காணாமல் போய், வெளிறிய நிழல் போன்ற வெற்றுச் சவ்வு மிஞ்சும்.

நீர்த்த கரைசலில் போட்டதெல்லாம் உடனே உடைவதில்லை. தட்டு வடிவ அணுவுக்கு வீங்க இடம் இருக்கிறது. சவ்வின் பரப்பு சுமார் 140 சதுர மைக்ரான். அந்தப் பரப்பால் மூடக்கூடிய மிகப் பெரிய உருவம் கோளம், அதன் பருமன் சுமார் 155 கன மைக்ரான். சவ்வு வளையும், ஆனால் பரப்பளவில் சில சதவீதத்துக்குமேல் விரியாது. கரைசலைப் பாதியாக நீர்த்து 0.45 சதவீதமாக்கினால் உள்ளே தண்ணீர் இரட்டிப்பாகி 128 ஆகும், அணு 154-ஐத் தொடும். உடையத் தொடங்கும் இடம் இதுதான். சோதனைக் குழாயில் பார்த்தாலும் சாதாரண ரத்தம் 0.5-க்கும் 0.45-க்கும் இடையில் உடையத் தொடங்கி 0.3 அருகில் முழுவதும் உடைந்திருக்கும். எல்லா அணுவும் ஒரே வயதில்லை, அதனால்தான் இந்த இடைவெளி. பரம்பரைக் கோளவணு நோயுள்ளவர்களுக்குச் சவ்வுப் பரப்பு குறைவு. ஏற்கெனவே பாதி உருண்டுவிட்ட அணுக்கள் என்பதால் 0.6, 0.7-லேயே உடைய ஆரம்பிக்கும்.

தலசீமியா மரபைச் சுமப்பவர்களிடம் இது எதிர்மாறு. அவர்கள் அணு சிறியது, உள்ளே ஹீமோகுளோபின் குறைவு, அதை ஒப்பிடச் சவ்வு தாராளம். வீங்குவதற்கு இடம் அதிகம் இருப்பதால் சாதாரண அணு உடையும் இடத்திலும் தாங்கி நிற்கும். இதை வைத்து இந்தியாவில் செலவில்லாத ஒரு முதற்கட்டப் பரிசோதனை நடக்கிறது. 0.36 சதவீத சலைன் இருக்கும் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, குலுக்கி, பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளை வைத்துப் பார்க்கிறார்கள். அணுக்கள் உடைந்திருந்தால் திரவம் தெளிந்து கோடு தெரியும். உடையாமல் மிதந்தால் கலங்கல்தான் தெரியும், கோடு மறைந்துபோகும். நம் அணு உடைந்தவற்றில் ஒன்று.

கோடு மறைந்தாலே தலசீமியா என்று எழுதிவிடக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவிலும் அணு சிறுத்து, அதே கலங்கலைக் காட்டலாம். ஆகவே அந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏ2 எவ்வளவு என்று அளக்க அனுப்புகிறார்கள். பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீட்டா தலசீமியா மரபைச் சுமப்பவர் என்று கொள்கிறார்கள்.