கூலிக் கோடும் விலைக் கோடும்



பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு பயிலும் என் முன்னாள் மாணவி ஒருத்தி, சென்ற வாரம் தன் விடைத்தாளுடன் இல்லத்திற்கு வந்திருந்தாள். வினாவில் ஒரு கோட்டு வரைபடம் இருந்தது. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டில் உழைப்பாளரின் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததா என்பது வினா. "கூலி இரு மடங்கானது, ஆகவே வாழ்க்கைத்தரம் உயர்ந்தது" என்று அவள் எழுதியிருந்தாள். மதிப்பெண் மிகக் குறைவு. "கோடு ஏறித்தானே இருக்கிறது, ஐயா?" என்று கேட்டாள். அந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவ்வரைபடம் ஹென்றி ஃபெல்ப்ஸ் பிரௌன், ஷீலா ஹாப்கின்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1950களில் வெளியிட்ட கணக்கை அடியொற்றியது. தென் இங்கிலாந்தின் கட்டடத் தொழிலாளர் கூலியை ஒரு கோடாகவும், அவர்கள் வாங்கக்கூடிய பொருள்களின் விலையை மற்றொரு கோடாகவும் அவர்கள் தொகுத்தனர். 1451 முதல் 1475 வரையிலான காலத்தின் சராசரியை 100 என்று கொண்டனர். இதனை விடையின் முதல் வரியிலேயே மாணவர் கூறிவிட வேண்டும். எது 100 என்று சொல்லாமல் 200 என்று எழுதினால் அதற்குப் பொருளில்லை.

இனிக் கோடுகளைப் பார்ப்போம். கூலிக் கோடு படிக்கட்டுப் போன்றது. கைவினைஞரின் நாட்கூலி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 6 பென்னியிலேயே நின்றது. 1530களுக்குப் பின்னரே ஏறத் தொடங்கி, 1580 அளவில் 12 பென்னியானது. குறியீட்டெண்ணில் 100 என்பது 200 ஆயிற்று. விலைக் கோடோ அறுவடைக்கேற்ப ஆண்டுதோறும் ஏறி இறங்கும் ரம்பப்பல் போன்றது. கூலி அசையும் முன்பே அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயர்ந்திருந்தது. 1597இல் 685ஐத் தொட்டது.

ஆக, இரு கோடுகளும் ஏறுகின்றன. சான்று இருப்பது அவற்றின் விகிதத்தில். 200ஐ 685ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 29 கிடைக்கும். இதுவே மெய்க்கூலி. முன்பு ஒரு நாள் உழைப்பில் 100 பங்கு பொருள் வாங்கியவர், 1597இல் 29 பங்கே வாங்க முடிந்தது. என் மாணவி வகுத்துப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. உயர்வு என்று அவள் எழுதிய இடத்தில் பசி இருந்தது.

ஆனால் 29 என்பதோடு நிறுத்தினால் அதுவும் பிழையே. 1590களின் நடுப்பகுதியில் அறுவடை தொடர்ந்து பொய்த்தது. 1597 அதன் உச்சம். நூற்றாண்டின் போக்கை ஒரு பஞ்ச ஆண்டைக் கொண்டு அளக்கலாகாது. அடுத்த சில ஆண்டுகளில் விலை 500ஐ ஒட்டி நின்றது. அக்கணக்கில் மெய்க்கூலி ஏறத்தாழ 40. வீழ்ச்சி மெய்தான், அதன் அளவைக் கூறும்போது உச்சத்தையும் போக்கையும் பிரித்துக் கூற வேண்டும்.

அடுத்து, இக்கோடுகள் எதை அளக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். இது நாட்கூலி, ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதை வரைபடம் காட்டாது. மனைவி மக்கள் ஈட்டியதும், வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததும் அதில் இல்லை. விலைக் கணக்கில் ஐந்தில் நான்கு பங்கு உணவும் பானமும். வீட்டு வாடகை சேரவில்லை. நிலம் வைத்திருந்தோருக்கு விலையேற்றம் அவ்வளவு இடர் தந்திராது; கூலியை மட்டுமே நம்பியோருக்கு முழு இடரும் வந்திருக்கும்.

காரணத்தையும் வரைபடம் கூறாது. மக்கள் தொகைப் பெருக்கம், 1540களில் நாணயத்தில் வெள்ளியைக் குறைத்தமை போன்றவற்றைப் பிற சான்றுகளால் நிறுவ வேண்டும்.

நாங்கள் இருவரும் திருத்தி எழுதிய பத்தி இது:

"1451-75 சராசரியை 100 எனக் கொண்டால், 1580 அளவில் கைவினைஞர் கூலி 200 ஆயிற்று. எனினும் விலை அதனினும் விரைந்து உயர்ந்ததால், நூற்றாண்டின் முடிவில் மெய்க்கூலி பாதிக்கும் கீழே சென்றது; பஞ்ச ஆண்டான 1597இல் அது 29. இது நாட்கூலியைப் பற்றியதே. குடும்பத்தின் முழு வருவாயைப் பற்றியதன்று. ஆகவே, கூலியை மட்டும் நம்பியோரின் நிலை தாழ்ந்தது என்று கொள்ளலாம்."

நம் பிள்ளைகள் கோட்டு வரைபடத்தைக் கொண்டு வரும்போது, "கோடு ஏறுகிறதா?" என்று கேட்பதோடு, "அந்தக் கூலிக்கு எத்தனை படி தானியம் கிடைத்தது?" என்றும் கேட்டுப் பாருங்கள்.