நாட்குறிப்பு சாட்சியாகும் கதை

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். அதன் 32ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவர் பிறந்த நாள் எது என்பது வழக்கு; பிரசவம் பார்த்த மருத்துவரோ இறந்துவிட்டார். தம் தொழிலின் போக்கில் அவர் ஒழுங்காக எழுதிவந்த நாட்குறிப்பில், இன்ன நாளில் இன்னாருக்கு மகப்பேறு பார்த்ததாக ஒரு வரி இருந்தால் அது ஏற்கத்தக்க சான்று. அந்த வரியை எழுதியபோது மருத்துவர் வழக்கைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். அதன் வலிமையே அதுதான்.

எழுதியவர் உயிரோடு இருந்தால் நிலைமை வேறு. அவரே கூண்டில் ஏற வேண்டும். 159ஆம் பிரிவின்படி குறிப்பு அவர் நினைவைப் புதுப்பிக்க உதவும். ஆனால் நிகழ்வின்போதோ, நினைவு மங்குமுன் விரைவிலோ எழுதியதாக இருத்தல் வேண்டும். 161ஆம் பிரிவு அதை எதிர்த்தரப்புக்கும் காட்டச் சொல்கிறது.

பொதுப்பணித்துறையின் அளவைப் புத்தகம் இந்த எச்சரிக்கையிலேயே வளர்ந்தது. பக்கங்களுக்கு அச்சிட்ட எண். மையால் தொடர்ச்சியான பதிவு. தவறினால் அழிக்காமல் கோடிட்டுத் திருத்திச் சுருக்கொப்பம். தப்பி வெற்றாக நின்ற பக்கத்தையும் குறுக்குக்கோடிட்டு நாளிட்டு ஒப்பமிட வேண்டும். பின்னாளில் எவரும் ஒரு வரியைச் செருக இடமிருக்கலாகாது.

மத்தியப் பொதுப்பணித்துறைப் பணிகளில் வேலை தடைப்பட்ட நாட்களுக்கெனத் தனியே ஒரு தடைப் பதிவேடு உண்டு. பாலம் கட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் மழையைக் காட்டிக் காலநீட்டிப்புக் கேட்பதாகக் கொள்வோம். பதிவேட்டில் "கனமழை, வேலை இல்லை" என்று மட்டும் இருந்தால் நடுவர் முன் அது நில்லாது. எந்த வேலை, எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு விடையில்லை. "காலை 10.20 முதல் பிற்பகல் 2.45 வரை மழை, நான்காம் தூண் கான்கிரீட் நின்றது, 18 ஆட்களும் ஒரு மிக்சரும் சும்மா இருந்தன, மாலை 4 மணிக்கு மீண்டும் தொடங்கியது" என்ற பதிவில் அன்றே இரு தரப்பும் ஒப்பமிட்டிருந்தால் வாதம் பெரும்பாலும் அங்கேயே சுருங்கிவிடும். மழைதான் காரணம் என்ற முடிவை எழுத வேண்டியதுகூட இல்லை, கண்டது போதும்.

மொத்தமாகப் பின்னால் எழுதிய பதிவேடு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். முப்பது நாட்களுக்கும் ஒரே மை, ஒரே சாய்வு. ஜூன் மாதப் பக்கத்தில் ஜூலையில் வந்த கடிதத்தின் எண். மழை பெய்ததாக எழுதிய நாளில் அருகிலுள்ள மழைமானியில் சுழியம். குறுக்கு விசாரணையில் இவற்றுள் ஒன்று வெளிப்பட்டாலும் நேர்மையாக எழுதிய மற்றப் பக்கங்களும் ஐயத்துக்கு உள்ளாகும்.

இதற்கும் ஒரு வரம்புண்டு. ஒழுங்காகப் பேணிய கணக்கேடாயினும் அதை மட்டும் வைத்து எவர்மீதும் பொறுப்பைச் சுமத்தலாகாது என்கிறது 34ஆம் பிரிவு. 1998இல் ஜெயின் நாட்குறிப்புகள் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. தனித்தாள்களைப் புத்தகமாகவே அது ஏற்கவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு எண்கள் மாறின. மருத்துவரின் நாட்குறிப்பு அங்கும் இருக்கிறது.